பழைய படமும் இன்றைய காட்சியும்: ஒன்றன்மேல் ஒன்றைச் சரியாகப் பொருத்துவது எப்படி?

ஒரு தெருவின் பழைய புகைப்படத்தை இன்றைய படத்தின்மேல் வைத்துப் பொருத்திப் பார்க்க முயலும் புதியவர்கள், பெரும்பாலும் வேலையைக் கணினியில்தான் தொடங்குகிறார்கள். தெருவுக்குப் போய் ஏறக்குறைய அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துவருகிறார்கள். பிறகு மென்பொருளில் பழைய படத்தை இழுத்தும் சாய்த்தும் பார்க்கிறார்கள். கோயில் கோபுரம் பொருந்தினால் கடைவாசல் விலகுகிறது. கடைவாசலைப் பொருத்தினால் கோபுரம் விலகுகிறது. இதற்குக் காரணம் மென்பொருளில் இல்லை. அவர்கள் நின்ற இடம் பழைய படக்காரர் நின்ற இடம் அன்று. ஆகவே இக்கட்டுரையில் பெரும்பகுதி, அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதைப் பற்றியதாகவே இருக்கும். கணினி வேலை அதன்பின் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டாகத் திருச்சிராப்பள்ளித் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்கிறேன். குளத்தின் மேற்குக் கரைத் தெருவிலிருந்து பார்த்தால் முன்னால் தண்ணீரும் அதன் நடுவில் மண்டபமும் தெரியும். பின்னால் 83 மீட்டர் உயர மலைக்கோட்டைப் பாறையும், அதன் உச்சியில் பிள்ளையார் கோயிலும் நிற்கும். 1858-இல் பிரிட்டிஷ் படக்காரர் லின்னேயஸ் டிரைப் திருச்சிராப்பள்ளியைப் படமெடுத்த காலம் முதல் பல படக்காரர்களின் கண்ணை இழுத்த காட்சி இது. பழைய அஞ்சலட்டைகளிலும் அடிக்கடி வரும். பயில்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. பாறை நகராது, மண்டபமும் நகராது. ஒன்று அருகிலும் மற்றொன்று தொலைவிலும் இருக்கின்றன. இடையில் உள்ள கடைகளும் வண்டிகளும் பெயர்ப்பலகைகளும் எத்தனை முறை மாறினாலும் இவ்விரண்டும் நம்மைக் கைவிடா.

இடத்தைத் தீர்மானிப்பது எது?

ஒரு காட்சியில் எது எதை மறைக்கிறது, எதற்குப் பக்கத்தில் எது தெரிகிறது என்பதையெல்லாம் முடிவு செய்வது கேமரா இருந்த புள்ளி மட்டுமே, லென்ஸ் அன்று. ஒரே இடத்தில் நின்று அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால், அதே இடத்திலிருந்து நெடுந்தொலைவு லென்ஸில் எடுத்த படத்தோடு அது அப்படியே பொருந்தும். எனவே பழைய படக்காரர் என்ன லென்ஸ் வைத்திருந்தார் என்று கவலைப்பட வேண்டியதில்லை. கைப்பேசியின் முதன்மைக் கேமராவில் சற்று அகலமாக எடுத்து, வேண்டிய அளவு வெட்டிக்கொண்டால் போதும். 0.5x என்று காட்டும் மிக அகலக் கேமராவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது ஓரங்களை இழுத்துக் காட்டும், அந்த இழுப்பைப் பின்னால் திருத்துவது தொல்லை.

நாம் பக்கவாட்டில் நகரும்போது அருகில் இருக்கும் பொருள், தொலைவில் இருக்கும் பொருளுக்கு எதிராக நகர்வதுபோலத் தோன்றும். ரயில் ஜன்னலில் தந்திக் கம்பங்கள் பின்னோக்கி ஓட, தொலைவில் உள்ள குன்று நம்முடனே வருவதுபோல் தோன்றுவதும் இதனால்தான். இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். படத்தில் அருகுப் பொருளின் விளிம்பும் தொலைவுப் பொருளின் விளிம்பும் ஒரே செங்குத்துக் கோட்டில் சந்திக்கும் இடம் ஒன்று இருந்தால், கேமரா அந்த இரண்டையும் இணைத்து நம் பக்கமாக நீட்டிய நேர்கோட்டின்மேல்தான் இருந்திருக்க வேண்டும். அப்படி இன்னோர் இணை படத்தின் வேறு பகுதியில் கிடைத்தால் இரண்டாவது கோடு கிடைக்கும். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் நாம் தேடும் இடம். மூன்றாவது இணை கிடைத்தால் அதைக் கணக்கில் சேர்க்காமல், சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே செய்ய வேண்டியவை

படம் அச்சில் இருந்தால் அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். கைப்பேசியால் சாய்வாகப் பிடித்த நகல் வேண்டாம். அந்தச் சாய்வே ஒரு புதிய பிழையாகிவிடும். அடுத்து, படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கண்ணாடி நெகட்டிவ்களைத் திருப்பி வைத்து அச்சிட்ட அட்டைகள் உண்டு. கடைப் பலகையில் எழுத்து இருந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்து இல்லையென்றால் பெண்களின் முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று பாருங்கள். ஒருத்திக்கு வலத்தோளில் கிடந்தால் ஏதோ காரணம் இருக்கலாம், எல்லாருக்கும் வலத்தோளில் கிடந்தால் படம்தான் திரும்பியிருக்கிறது. மலைக்கோட்டை போன்ற காட்சியில் பாறையின் வெளிக்கோட்டை இன்றைய படம் ஒன்றோடு ஒப்பிட்டாலே போதும்.

பிறகு ஸ்கேன் செய்த படத்தை ஏ4 தாளில் அச்சிட்டு, சிவப்புப் பேனாவால் இணைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னிடம் உள்ள அஞ்சலட்டையில் மண்டபத்தின் மேல்முனை, பாறை உச்சியில் உள்ள கோயில் கட்டடத்தின் இடப்பக்க விளிம்புக்கு நேர் கீழே இருந்தது. அது முதல் இணை. குளத்துச் சுற்றுச்சுவரின் ஒரு மூலையும் அதற்குப் பின்னால் பாறைச் சரிவில் தெரிந்த ஒரு வெடிப்பும் இரண்டாவது இணை. மரங்களையும் விளக்குக் கம்பங்களையும் கூரை ஓடுகளையும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது. அவை அதே இடத்தில் இருப்பதுபோல் தோன்றினாலும் எப்போது மாற்றி நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. கல்லையும் பாறையையும் மட்டும் நம்புங்கள். குளக்கரைகளில் தண்ணீர் மட்டத்தையும் நம்பக்கூடாது. அது மழையைப் பொறுத்தது.

கேமராவின் உயரம்

புதியவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது உயரத்தைத்தான். பழைய படம் என்றால் முக்காலியில், ஆள் உயரத்தில் எடுத்ததாகவே இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் எடுத்த படங்கள் ஏராளம். உயரத்தை அறியப் படத்திலேயே தடயம் இருக்கும். சமதளத் தெருவில் பலர் வெவ்வேறு தொலைவில் நிற்கும் படத்தில், எல்லாருடைய தலையும் ஏறக்குறைய ஒரே கிடைமட்டக் கோட்டில் இருந்தால் கேமரா கண்மட்டத்தில் இருந்திருக்கிறது. அருகில் நிற்பவரின் தலை கீழேயும் தொலைவில் நிற்பவரின் தலை மேலேயும் ஏறிக்கொண்டே போனால் கேமரா அவர்கள் தலைக்கு மேல் இருந்திருக்கிறது.

குளக்கரையில் இதைவிட நேர்த்தியான வழி ஒன்று உண்டு. பாறை உச்சி தண்ணீரில் பிரதிபலித்தால், உச்சிக்கும் அதன் நிழலுருவுக்கும் நடுவில் ஒரு கிடைமட்டக் கோடு வரையுங்கள். தொலைவில் உள்ள பொருளுக்கு அந்தக் கோடு கேமராவின் மட்டத்தை ஏறக்குறையச் சரியாகக் காட்டிவிடும். மண்டபம் போன்ற அருகுப் பொருளை வைத்து இதைச் செய்தால் கோடு சற்றுக் கீழே இறங்கிவிடும் என்பதால், எவ்வளவு தொலைவில் உள்ள முனை கிடைக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கோடு மண்டபத்தை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். மண்டபத்தில் அந்த உயரம் எதுவோ, அதே உயரத்தில்தான் கேமரா இருந்தது. என் அஞ்சலட்டையில் அந்தக் கோடு மண்டபத் தூண்களின் மேல்விளிம்பில், கூரை தொடங்கும் இடத்தில் போயிற்று. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

இடத்தில் நின்று பார்ப்பது

முதல் தடவை நான் மேற்குக் கரைத் தெருவில், சுற்றுச்சுவரை ஒட்டி நின்று படம் எடுத்தேன். கைப்பேசித் திரையில் பார்த்தபோது எல்லாம் சரியாகவே தோன்றியது. வீட்டுக்கு வந்து மேலே வைத்துப் பார்த்தால், பாறை உச்சி பொருந்தியபோது மண்டபம் பழைய படத்தில் இருப்பதைவிடப் பெரிதாகவும் மேலே ஏறியும் இருந்தது. சோம்பலினால் பழைய படத்தை இழுத்துப் பொருத்தி நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். "மலை ஏன் உப்பியிருக்கு?" என்று மட்டும் பதில் வந்தது.

இங்கேதான் அளவை உதவும். அருகுப் பொருள் ஒன்றின் அகலத்தையும் தொலைவுப் பொருள் ஒன்றின் அகலத்தையும் படத்தில் அளந்து, முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துக்கொள்ளுங்கள். பின்னால் போகப் போக அருகுப் பொருள் வேகமாகச் சிறுக்கும், தொலைவுப் பொருள் மெதுவாகச் சிறுக்கும். அதனால் அந்த விகிதம் குறைந்துகொண்டே வரும். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வெட்டினாலும் விகிதம் மாறாது என்பதுதான் இதன் வசதி. அஞ்சலட்டையில் மண்டபத்தின் அகலம் 24 மில்லிமீட்டர், உச்சிக் கட்டடத்தின் அகலம் 12 மில்லிமீட்டர், விகிதம் 2. நான் எடுத்த படத்தில் அவை 460 பிக்சல், 200 பிக்சல், விகிதம் 2.3. எனவே நான் முன்னால் தள்ளி நின்றிருக்கிறேன்.

எவ்வளவு தள்ளி என்பதையும் கணக்கிடலாம். நின்ற இடத்திலிருந்து இரண்டு பொருள்களின் தொலைவையும் இணைய வரைபடத்தின் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று மண்டபம் 60 மீட்டர், உச்சி 400 மீட்டர் என முழு எண்களாகவே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அளந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். 400-ஐ 60-ஆல் வகுத்தால் 6.67. விகிதம் 2.3-இலிருந்து 2-க்கு இறங்க வேண்டுமென்றால் இந்த எண்ணும் அதே அளவில் இறங்க வேண்டும்: 6.67 × 2 ÷ 2.3 = 5.8. பின்னால் போகும் தொலைவை x என்று வைத்தால் கணக்கு இப்படி வரும்:

```
(400 + x) / (60 + x) = 5.8
400 + x = 348 + 5.8x
x = 52 / 4.8 ≈ 10.8
```

ஏறக்குறைய 11 மீட்டர் பின்னால் போக வேண்டும். அளவையில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடை சில மீட்டர் மாறிவிடும் என்பதால், இதைத் தேடத் தொடங்க வேண்டிய இடமாக மட்டும் கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை போனபோது அந்த 11 மீட்டரைக் காலடியால் அளந்தேன். சுவரிலிருந்து பின்னால் நடந்து, தெருவைக் கடந்து, எதிர்ச் சிறகில் இருந்த ஒரு துணிக்கடையின் வாசலுக்குள் போய் நின்றேன். கையில் தாளோடு கடைக்குள் பின்னோக்கி நடந்து வருபவனைக் கண்டு கடைக்காரப் பெரியவர் என்ன ஏதென்று கேட்டார். அட்டையைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் பார்த்தவர், "தம்பி, இதுல குளத்துத் தண்ணி இவ்வளவு தெரியுது. கீழ நின்னா சுவர்தான் தெரியும். மாடியிலேர்ந்து எடுத்திருக்கான்" என்றார். பிரதிபலிப்புக் கோடு எனக்கு முன்பே சொன்னதை அவர் கோடு போடாமலே சொல்லிவிட்டார். தூணின் மேல்விளிம்பு மட்டம் என்றால் அது தெருவில் நிற்பவரின் கண்ணுக்கு எட்டாத உயரம்தானே! பெரியவர் அனுமதித்ததால் முதல் மாடிக்குப் போனேன். இன்றைய கட்டடம் புதியது. அன்று அதே இடத்தில் இருந்த ஏதோ ஒரு மாடியிலிருந்து படம் எடுத்திருக்க வேண்டும்.

மாடியில் குளத்தைப் பார்த்த மூன்று ஜன்னல்கள் இருந்தன. நடு ஜன்னலிலிருந்து பார்த்தபோது மண்டபத்தின் மேல்முனை, அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து இடப்பக்கம் விலகியிருந்தது. எவ்வளவு என்பதை மண்டபத் தூண்களின் இடைவெளியை அளவுகோலாக வைத்து மதிப்பிட்டேன், 1.6 மீட்டர் இருக்கும். நாம் வலப்பக்கம் நகர்ந்தால் அருகுப் பொருள் இடப்பக்கம் நகர்வதாகத் தோன்றும். எனவே அது இடப்பக்கம் விலகியிருந்தால் நாம் அதிகமாக வலப்பக்கம் நிற்கிறோம் என்று பொருள். இந்தத் தொலைவுகளில் நாம் 1 மீட்டர் நகர்ந்தால் மண்டபம் ஏறக்குறைய 0.83 மீட்டர் இடம்மாறித் தோன்றும், ஆகவே 1.6 மீட்டர் விலகலுக்கு 2 மீட்டர் இடப்பக்கம் போக வேண்டும். இடப்பக்க ஜன்னலுக்குப் போனேன். முனையும் விளிம்பும் நேர்க்கோட்டில் வந்தன; சுவர் மூலையும் பாறை வெடிப்பும் கூடவே சேர்ந்துகொண்டன. இரண்டாவது இணை தானாக வந்து பொருந்தும்போதுதான் இடம் கிடைத்துவிட்டது என்று நம்பலாம். முதல் இணை மட்டும் பொருந்துவது அந்த நேர்கோட்டில் எங்கே நின்றாலும் நடக்கும்.

எல்லா இடங்களிலும் இவ்வளவு நல்ல முடிவு கிடைக்காது. படக்காரர் நின்ற புள்ளி இன்று ஒரு சுவருக்குள் இருக்கலாம். அல்லது அங்கிருந்து பார்த்தால் நெகிழித் திரைகளும் மின்கம்பிகளும் மட்டுமே தெரியலாம். அப்போது பக்கவாட்டு இணை பொருந்தும் நேர்கோட்டிலேயே முன்னாலோ பின்னாலோ போய் எடுங்கள். பக்கவாட்டில் விலகினால் எது எதை மறைக்கிறது என்பதே மாறிவிடும். முன்பின்னாக விலகினால் பொருள்களின் அளவு மட்டும் சற்று மாறும், பார்ப்பவர் கண்ணுக்கு அது அவ்வளவு உறுத்தாது. எவ்வளவு விலகினீர்கள் என்பதைப் படக்குறிப்பில் எழுதிவிடுங்கள். பழைய தெருக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாலையின்மேல் சாலை போட்டு மட்டம் உயர்ந்திருக்கும். வாசற்படிகள் தெருவுக்குக் கீழே போயிருக்கும். கண்மட்டத்தில் எடுத்த படத்தை மீண்டும் எடுக்கும்போது, கேமராவை உங்கள் காலடியிலிருந்து அளக்காமல் பழைய வாசற்படி, தூண் அடி போன்ற மாறாத கல்லிலிருந்து அளந்து வையுங்கள்.

படத்தை எடுக்கும்போது

பழைய முக்காலிக் கேமராக்கள் பலவற்றில் லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தும் வசதி இருந்தது. அதனால் படக்காரர் கேமராவைச் சாய்க்காமலே உயர்ந்த கோபுரத்தைப் படத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். சுவர்களும் தூண்களும் படத்தில் இணையான செங்குத்துக் கோடுகளாகவே இருக்கும். நாம் உச்சி தெரிய வேண்டும் என்று கைப்பேசியை மேலே சாய்த்தால் தூண்கள் உள்நோக்கிச் சரிந்துவிடும். எனவே சாய்க்காதீர்கள். கைப்பேசியைச் செங்குத்தாக, நட்டுக்குத்தலாகப் பிடித்து, அடியில் தேவையில்லாத தரை நிறைய வந்தாலும் பரவாயில்லை என்று அகலமாக எடுத்து, பிறகு மேற்பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளை இயக்கி வைத்தால், நடுவே ஒரு மட்டக் குறியும் பெரும்பாலான கைப்பேசிகளில் தோன்றும்.

அதே கட்டக் கோடுகளை அச்சிட்ட தாளிலும் மூன்றுக்கு மூன்றாக வரைந்துகொண்டால், எந்தக் கட்டத்தில் எது இருக்க வேண்டும் என்று தாளையும் திரையையும் மாறிமாறிப் பார்த்து ஒப்பிடலாம். ஒரே இடத்தில் பத்துப் படம் எடுப்பதைவிட, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சாண் இடப்பக்கம், ஒரு சாண் வலப்பக்கம், ஒரு சாண் மேலே என்று நகர்ந்து எடுங்கள். வீட்டில் எது பொருந்துகிறது என்று தேர்ந்துகொள்ளலாம். ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுத்தது என்பதைத் தாளின் பின்புறம் குறித்துவையுங்கள், இல்லையென்றால் எல்லாப் படமும் ஒன்றுபோலவே தெரியும்.

வெளிச்சம் பொருந்தினால் இரண்டு படங்களும் ஒட்டிக்கொள்ளும். மேற்குக் கரையிலிருந்து பார்ப்பவருக்குக் காலையில் சூரியன் பாறைக்குப் பின்னால் இருப்பான். பாறை கறுத்துத்தான் தெரியும். அஞ்சலட்டையில் பாறை முகம் வெளிச்சமாக இருந்ததால் அது பிற்பகல் படம். எந்த மாதம் என்பதையும் ஓரளவு சொல்லலாம். கிழக்கு நோக்கிப் பார்க்கும் காட்சியில் இடப்பக்கம் வடக்கு. மண்டபத்தின் இடப்பக்கச் சுவர்களில் பிற்பகல் வெயில் விழுந்தால் சூரியன் வடமேற்கில் இருந்திருக்கிறான். கோடையும் அதை ஒட்டிய மாதங்களும்தான் அதற்கு வாய்ப்பு. வலப்பக்கச் சுவரில் விழுந்தால் குளிர்காலப் பக்கம். நான் இதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கவில்லை. மணிக்கணக்கை மட்டும் பொருத்திக்கொண்டு, மாலை நான்கு மணிக்கு எடுத்தேன்.

கணினியில்

இலவசமாகக் கிடைக்கும் படத்திருத்த மென்பொருளான `GIMP` இதற்குப் போதுமானது. பழைய படத்தை முதலில் திறந்து, `File > Open as Layers` வழியாகப் புதிய படத்தை அதன்மேல் கொண்டுவாருங்கள். பழைய படத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு புதிய படத்தை மட்டும் நகர்த்துவதே என் வழக்கம். புதியதில் பிக்சல்கள் தாராளமாக இருக்கும், நகர்த்தி வெட்டினாலும் தெளிவு குறையாது. பழையதைத் திருத்தத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் போய்விடும்.

புதிய லேயரின் `Opacity` அளவை 50-க்குக் குறைத்து, `Colors > Invert` கொடுங்கள். இப்போது புதிய படம் எதிர்மறையாகத் தெரியும். இரண்டு படமும் பொருந்தும் இடங்கள் சாம்பல் நிறத்தில் கரைந்துபோகும், விலகும் இடங்களில் மட்டும் புடைப்புச் சிற்பம்போல வெளிர் விளிம்பும் கறுப்பு விளிம்பும் நிற்கும். பழைய படத்தின் பழுப்பு நிறம் தொந்தரவு செய்தால் இரண்டையும் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

அடுத்து `Unified Transform` கருவியை எடுத்து, அதன் `Constrain` பகுதியில் `Scale` என்பதைத் தேர்வு செய்துகொள்ளுங்கள். அகலமும் உயரமும் ஒரே அளவில் மட்டுமே மாறும். முதலில் பாறை உச்சியை உச்சியோடு சேர்த்துவிட்டு, கருவியின் நடுவில் உள்ள சுழல்புள்ளியை உச்சிக்கே நகர்த்துங்கள். `From pivot` பகுதியிலும் `Scale` தேர்வு செய்யப்பட்டிருந்தால், இனிமேல் நீங்கள் பெரிதாக்கினாலும் சுழற்றினாலும் உச்சி அசையாது. பிறகு தொலைவில் உள்ள இரண்டாவது புள்ளியை, எடுத்துக்காட்டாக உச்சிக் கட்டடத்தின் மறு மூலையையோ பாறைச் சரிவின் ஓர் அடையாளத்தையோ, பெரிதாக்கியும் சுழற்றியும் பொருத்துங்கள். இந்த இரண்டு புள்ளிகளுக்கு மேல் எதையும் கட்டாயப்படுத்தாதீர்கள். கையை எடுத்துவிட்டு மண்டபத்தைப் பாருங்கள்.

மண்டபமும் பொருந்தியிருந்தால் வேலை முடிந்தது. பொருந்தவில்லையென்றால் பிழை எத்தகையது என்று பார்க்க வேண்டும். தொலைவுப் பொருள்களெல்லாம் சேர்ந்து, அருகுப் பொருள்கள் மட்டும் விலகினால் நீங்கள் நின்ற இடம் தவறு. எந்தக் கருவியாலும் அதை ஒழுங்காகத் திருத்த முடியாது, திரும்பப் போய்த்தான் எடுக்க வேண்டும். அருகு, தொலைவு என்ற வேறுபாடில்லாமல் படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகப் போக விலகல் சீராகக் கூடினால் அது கேமராச் சாய்வு. `Perspective` கருவியால் மூலையைச் சிறிது இழுத்தால் சரியாகும். அகலவாக்கில் மட்டும் அல்லது உயரவாக்கில் மட்டும் கூடினால் பழைய தாள் சுருங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். நூற்றுக்கு ஒரு பங்கு அளவு ஒருதிசையில் நீட்டுவதில் குற்றமில்லை. அதற்கு மேல் நீட்ட வேண்டியிருந்தால் வேறெதோ தவறு நடந்திருக்கிறது. என் முதல் படத்தில் நான் செய்தது நூற்றுக்கு எட்டுப் பங்கு. மலை உப்பாமல் என்ன செய்யும்!

பொருந்திய பிறகு `Colors > Invert` மீண்டும் கொடுத்துப் படத்தை இயல்பாக்கி, `Opacity` 100-க்குத் திருப்பிவிடுங்கள். இப்போது இரண்டையும் எப்படிக் கலப்பது என்பது உங்கள் விருப்பம். முழுப் படத்தையும் பாதி ஒளிபுக வைத்துக் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. எல்லாமே பேய்ப்படம்போல் ஆகிவிடும், மனிதர்கள்மேல் வண்டிகள் ஓடும். அதற்குப் பதில் புதிய லேயருக்கு `Layer > Mask > Add Layer Masks` வழியாக வெள்ளை முகமூடி போட்டு, பழைய படம் தெரிய வேண்டிய இடங்களில் கறுப்புத் தூரிகையால் தடவுங்கள். எல்லைக்கோட்டை வானத்தின் நடுவிலோ தண்ணீரின் நடுவிலோ விடாமல், இரண்டு படத்திலும் ஒன்றாக இருக்கும் ஒரு விளிம்பின்மேல் கொண்டுபோங்கள். நான் பாறையின் இடச்சரிவு, மண்டபத்தின் ஒரு தூண், குளத்துச் சுவரின் மேல்விளிம்பு ஆகியவற்றின் வழியாக எல்லையை ஓட்டினேன். அந்தத் தூணின் இடப்பக்கம் பழைய பழுப்பு நிறக் கல், வலப்பக்கம் இன்று வெள்ளையடித்த கல். விளிம்பு ஒன்றே என்பதால் ஒட்டு எங்கே என்று கண் தேடிப்பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கோப்பை `.xcf` வடிவில் சேமித்து வையுங்கள். அதில்தான் லேயர்களும் முகமூடியும் தனித்தனியாக இருக்கும். பகிர்வதற்கு `File > Export As` வழியாக ஒரு `.jpg` எடுத்துக்கொள்ளலாம். படக்குறிப்பில் நாள், நேரம், நின்ற இடம், எத்தனையாவது மாடி என்பதை எழுதுங்கள். என் குறிப்பில் "மேற்குக் கரைத் தெரு, முதல் மாடி, இடப்பக்க ஜன்னல், மாலை 4 மணி" என்று இருக்கிறது. இன்னும் சில ஆண்டுகள் கழித்து அங்கிருந்து இதே படத்தை எடுக்க வருபவர் கடைக்குள் பின்னோக்கி நடக்க வேண்டியிருக்காது.